அளக்காமலே அறியும் அருகாமை

எக்செல் என்னும் விரிதாளில் ஒவ்வொரு வாடிக்கையாளர் வரிசைக்கும் எதிரே, அவருக்கு மிக அருகிலுள்ள கிட்டங்கியின் பெயரை வரவழைக்கும் சூத்திரம் ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. வரைபடமோ இணையச் சேவையோ இதற்குத் தேவையில்லை. ஓர் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்சமும், கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் தீர்க்கமும் இருந்தால் போதும். இந்தச் சூத்திரத்தின் அழகு, அது கணக்கிடும் பகுதியை விடக் கணக்கிடாமல் விட்டுவிடும் பகுதியில்தான் மிகுதியாகத் தெரிகிறது.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஆகிய மூன்று ஊர்களில் கிட்டங்கி வைத்துப் பட்டாசு அனுப்பும் ஒரு வணிகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆயத்தொலைவுகளை இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால், சிவகாசி 9.45, 77.80 என்றும், சாத்தூர் 9.36, 77.92 என்றும், விருதுநகர் 9.58, 77.96 என்றும் அமைகின்றன. வாடிக்கையாளரின் அட்சம் B நெடுவரிசையிலும் தீர்க்கம் C நெடுவரிசையிலும் இருக்க, கிட்டங்கிகளின் பெயர், அட்சம், தீர்க்கம் மூன்றும் முறையே F, G, H நெடுவரிசைகளில் இருந்தால், சூத்திரம் இவ்வாறு வரும்:

```
=LET(d,(B2-$G$2:$G$4)^2+((C2-$H$2:$H$4)*COS(RADIANS(B2)))^2,
 INDEX($F$2:$F$4,MATCH(MIN(d),d,0)))
```

இதில் d என்பது ஓர் எண் அன்று. மூன்று கிட்டங்கிகளுக்கும் உரிய மூன்று எண்கள் ஒரே நேரத்தில் நிற்கும் அணி. அவற்றுள் மிகச் சிறியதை MIN பொறுக்க, அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை MATCH சொல்ல, அந்த இடத்துப் பெயரை INDEX எடுத்துத் தருகிறது. 9.33, 77.77 என்ற புள்ளியிலுள்ள வெம்பக்கோட்டைக்கு இதைச் செலுத்தினால், சிவகாசிக்கு 0.0153 என்றும் சாத்தூருக்கு 0.0228 என்றும் விடை வருகிறது. விருதுநகர் இவ்விரண்டையும் விட வெகு தொலைவில் இருப்பதால் சிவகாசி தேர்வாகிறது.

இந்த எண்கள் கிலோமீட்டர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை பாகை அளவின் வர்க்கங்கள். வர்க்கமூலம் எடுத்து, ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி நேர்கோட்டில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் என்று தெரியும். ஆனால் எது சிறியது என்ற கேள்விக்கு அந்த உழைப்பு வேண்டியதில்லை. வர்க்கமூலம் எடுத்தாலும் மாறிலியால் பெருக்கினாலும் மிகை எண்களின் வரிசை மாறுவதில்லை. பூமியின் கோளவடிவை முழுமையாகக் கணக்கில் கொள்ளும் ஹாவர்சைன் சூத்திரத்தையும், ஒரு மாவட்டத்தின் அளவுக்குள் நிற்கும் வரை, இதே துணிவோடு ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்கக் கூடாதது ஒன்று உண்டு, அது COS. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பது வடக்கு தெற்காக ஒரு பாகையை விடக் குறுகியது. சிவகாசியின் அட்சத்தில் இந்தச் சுருக்கம் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், அதை விட்டுவிட்டால்தான் என்ன என்று தோன்றக்கூடும். விருதுநகருக்கு நேர் மேற்கே 9.58 அட்சத்தில் ஒரு கோடு வரைந்து பார்த்தால் விடை கிடைக்கும். COS இல்லாமல் கணக்கிட்டால் சிவகாசியின் எல்லை 77.8272 தீர்க்கம் வரையும், சேர்த்துக் கணக்கிட்டால் 77.8257 வரையும் செல்கிறது. இடையிலுள்ள சுமார் 165 மீட்டர் அகலத்தில் இருக்கும் வாடிக்கையாளர்கள் மட்டுமே கிட்டங்கி மாறுகிறார்கள். பிழை சிறிதுதான், ஆயினும் அதைத் திருத்த ஒரு சொல்லே போதும் என்னும்போது விட்டுவைப்பதற்குக் காரணமில்லை.

இவ்வாறு ஒவ்வொரு கிட்டங்கிக்கும் சூத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எல்லை வகுக்கிறது. மழைமானிகளைச் சுற்றி இதே முறையில் நிலத்தைப் பங்கிட்டு, ஒவ்வொரு பகுதியின் மழையையும் அதற்கு அருகிலுள்ள மானியின் கணக்கில் சேர்க்கும் வழியை 1911இல் அமெரிக்க வானிலை அறிஞர் ஆல்பிரட் தீசன் முன்வைத்தார். நீரியலார் இன்றும் தீசன் பலகோணம் என்று வரைவதைத்தான் இந்த ஒற்றை வரி வரையாமலே செய்து முடிக்கிறது.

இதன் ஆபத்தும் இதே இயல்பிலிருந்து பிறக்கிறது. எந்தப் புள்ளிக்கும் ஏதோ ஒரு கிட்டங்கி அருகில் இருந்தே தீரும் என்பதால், உள்ளீடு தவறாக இருந்தாலும் சூத்திரம் முறையிடாமல் ஒரு பெயரைத் தந்துவிடுகிறது. அட்சமும் தீர்க்கமும் இடம் மாறினால் சிவகாசி வாடிக்கையாளர் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கேயுள்ள கடலுக்குப் போய்விடுகிறார். அவருக்கு அருகில் இருப்பது விருதுநகர் என்று தாள் அமைதியாகச் சொல்கிறது. இதைவிட நுட்பமானது கலை அளவில் வரும் பிழை. ஒரு பாகையில் 60 கலைகள் என்பதால் 9 பாகை 27 கலை என்பது 9.45, அதையே 9.27 என்று தட்டச்சு செய்தால் புள்ளி 20 கிலோமீட்டர் தெற்கே நழுவுகிறது. நூற்றுக்கணக்கான வரிசைகள் கொண்ட நெடுவரிசையில் தசமப் பகுதி எங்குமே 0.59ஐத் தாண்டவில்லை என்றால், இந்தப் பிழை அங்கே குடியிருக்கிறது என்று ஐயுறலாம். டாலர் குறிகளை விட்டுவிட்டால், சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது கிட்டங்கிப் பட்டியலும் கூடவே இறங்கி, முதல் வரிசை சரியாக இருக்க, அடுத்தடுத்த வரிசைகளில் கிட்டங்கிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும்.

உள்ளீடு சரியாக இருந்தும் விடை பொய்க்கும் இடம் மேற்குத் தொடர்ச்சி மலை. பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தேனியையும் சேர்த்து, சூத்திரத்தின் வீச்சையும் 6ஆம் வரிசை வரை நீட்டி, கேரள எல்லையிலுள்ள குமுளிக்குக் கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 52 கிலோமீட்டர், தேனி சுமார் 56 கிலோமீட்டர் என்று கணக்காகி, முன்னதே வெல்லும். ஆனால் அந்த நேர்கோடு, 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடுகளின் மேல் செல்கிறது. லாரி வடக்கே சுற்றி, தேனிப் பக்கமாகவே குமுளிக்கு ஏற வேண்டும்.

சாலையை அறியாத சூத்திரத்திடம் சாலையைக் கேட்க முடியாது. ஆயினும் தன் விடை எங்கே உறுதியற்றது என்பதை அதுவே காட்டுமாறு செய்யலாம். INDEX இருந்த பகுதியில் பின்வருவதை வைத்து, பக்கத்து நெடுவரிசையில் இன்னொரு முறை எழுதினால் போதும்:

```
SMALL(d,2)/SMALL(d,1)
```

இரண்டாவது தொலைவின் வர்க்கத்தை முதலாவதன் வர்க்கத்தால் வகுக்கும் இந்த எண் வெம்பக்கோட்டைக்கு ஏறத்தாழ 1.5 என்றும், குமுளிக்கு 1.17 என்றும் வருகிறது. 1ஐ ஒட்டி நிற்கும் வரிசைகளை மட்டும் வடிகட்டி, சாலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டால், மலையோ ஆறோ குறுக்கிடும் இடங்களில் பல அந்தச் சிறு பட்டியலில் அகப்பட்டுவிடும். ஏனையவற்றைச் சூத்திரத்தின் பொறுப்பில் விட்டுவிடலாம்.