ஓரத்தில் வெட்டுப்பட்ட மதிப்பெண்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வு முடிந்ததும், போடியில் கைப்பேசியால் எடுத்த வினாத்தாள் படம் குரங்கணிக்கும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அடுத்த ஆண்டு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு அதுவே பயிற்சித்தாள். ஆனால் பக்கம் பக்கமாக எடுத்த படத்தில் கேள்விகள்தான் தெளிவாக விழுகின்றன. பகுதித் தலைப்பு முந்தைய பக்கத்தோடு போய்விடுகிறது, வலது ஓரத்தில் இருக்கும் 10 x 2 = 20 வெட்டுப்பட்டு விடுகிறது.

அந்தத் தலைப்பு சிறிய விஷயமல்ல. இரண்டு மதிப்பெண் பகுதியில் 15 முதல் 28 வரை பதினான்கு வினாக்கள். எவையேனும் பத்துக்கு எழுதலாம், ஆனால் 28-ஆம் வினாவைக் கட்டாயம் எழுத வேண்டும். இந்த வரியைப் பார்க்காதவர் 15 முதல் 27-க்குள் பத்தை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார். அவற்றில் ஒன்பதுதான் கணக்கில் சேரும், இரண்டு மதிப்பெண் போகும். 100 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்பதால் ஐந்து மதிப்பெண் விடைக்கு ஒன்பது நிமிடம் கிடைக்கும். மதிப்பெண் தெரியாமல் பழகுகிறவருக்கு இந்த அளவும் கைவராது.

பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறையின் பலம் எனக்கு மறுக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. தலைப்பை ஒருமுறை படித்தால் ஒரு பகுதி முழுவதற்கும் அளவு தெரிந்துவிடுகிறது. குறை, கேள்வியின் ஏவலுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே தொடர்பு இல்லாததில்தான்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு 'மலைச்சரிவில் ஏலக்காய்ச் சாகுபடியை விவரி' என்று ஒரு கேள்வி வந்ததாக வைத்துக்கொள்வோம். நிழல் மரம், மழை, காய் பறிப்பு, ஸ்டோரில் உலர்த்தல், போடி ஏலம் என ஐந்து குறிப்பு எழுதினால் விடை முழுமை. அதே கேள்வி 'மலைச்சரிவு மக்களின் வாழ்வாதாரமாக ஏலக்காயை மதிப்பிடுக' என்று முடிந்தால் வேலையே வேறு. ஏலத்தில் விலை ஏறி இறங்குவதையும், விடியுமுன் ஜீப்பில் கேரளத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களின் நிலையையும் வருமானத்தோடு நிறுத்துப் பார்த்து, எது மேலோங்குகிறது என்று சொல்லியாக வேண்டும். ஆனால் முடிவுக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தாள் சொல்வதில்லை. மாணவர் இங்கும் அதே ஐந்து குறிப்பை எழுதி நிறுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து குறிப்பு என்றுதானே பழக்கியிருக்கிறோம்!

இலங்கைப் பொதுத் தராதரத் தேர்வுத் தாள்களில் வினாவின் உட்பிரிவுக்குப் பக்கத்திலேயே புள்ளிகள் இருக்கும். வெட்டி எடுத்த படத்திலும் அது தப்பிக்கும். இங்கேயும் எட்டு மதிப்பெண் வினாவில் 'தகவலுக்கு 5, முடிவுக்கு 3' என்று அச்சிடலாம். அப்போது விடைத்தாள் திருத்துபவருக்கும் ஒரு விளக்கம் தேவைப்படும்: காரணம் காட்டாத முடிவுக்கு ஒன்று, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்ததற்கு இரண்டு, இரு பக்கத்தையும் எடைபோட்டதற்கு மூன்று என்பதுபோல. அது இல்லாவிட்டால் அந்த மூன்றும் திருத்துபவருக்குத் திருத்துபவர் மாறும்.