முந்தி எடுப்பதா, பிந்தி எடுப்பதா? யாழ்ப்பாணத்துச் சீட்டும் சென்னைச் சீட்டும்

சென்னையில் இருக்கும் எங்கள் உறவுக்காரர் ஒருவர் கலியாணம் ஒன்றுக்காக நல்லூருக்கு வந்திருந்தார். என் மனைவி சீட்டுக் காசை எண்ணிக் கொப்பியில் குறிப்பதைப் பார்த்துவிட்டு, "பதிவு கிடையாது, ரசீது கிடையாது, இதுல போய் பணத்தைப் போடுறீங்களே! எங்க ஊர்ல கம்பெனி சீட்டு, எல்லாம் கணக்கா நடக்கும்" என்றார். விருந்தாளியுடன் வாதாடுவது முறையல்ல என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் "கணக்கா" என்ற சொல் மனதில் தைத்தது. எங்கள் சீட்டிலும் கணக்கு உண்டு. அதை எழுதிக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு இடத்திலும் அடிப்படை ஒன்றுதான். பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் ரூபாய்ப்படி பத்து மாதம் கட்டுகிறார்கள். மாதாமாதம் ஒருவர் இலட்சத்தை எடுக்கிறார். காசு அவசரமானவர் "இவ்வளவைக் குறைத்துத் தாருங்கள், போதும்" என்று கேட்பார். கூடுதலாக விட்டுக்கொடுக்கிறவருக்குச் சீட்டு. அந்த விட்டுக்கொடுப்பை நாங்கள் கழிவு என்போம். அங்கே தள்ளு என்பார்கள், அது மற்றவர்களுக்குப் பங்காகி வரும்போது கசர் என்பார்கள். நடத்துகிறவர் எங்களுக்குத் தாச்சி. அங்கே சட்டத்தின் பாஷையில் அவர் போர்மன். சனங்களுக்குச் சீட்டுப் பிடிக்கிறவர், அல்லது வெறுமனே "கம்பெனி".

இனி எங்கள் ஒழுங்கைச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் தாச்சிக்கு, கழிவில்லாமல். இரண்டாம் மாதம் கழிவு 18,000. பிறகு 16,000, 14,000, 12,000, ஆறாம் மாதம் 10,000. பிறகு 7,000, 5,000, 2,000. கடைசி மாதம் போட்டிக்கு ஆளில்லை. மிஞ்சியவர் முழு இலட்சத்தையும் எடுப்பார். கழிவைப் பத்துப் பேருக்கும் சமனாகப் பிரித்தால் இரண்டாம் மாதம் ஒவ்வொருவரும் 8,200 கட்டினால் போதும், ஆறாம் மாதம் 9,000. பத்து மாதத்திலும் ஒருவர் கட்டுவது மொத்தம் 91,600.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கழிவு எல்லாருக்கும் சமனாகப் பிரிகிறபோது, எந்த மாதம் எடுத்தாலும் நீங்கள் கட்டும் காசு ஒன்றேதான். ஆகவே முந்தியா பிந்தியா என்று தீர்மானிக்கக் கட்டுகிற பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. கைக்கு வருகிற தொகையை மட்டும் பார்க்கலாம். இரண்டாம் மாதம் 82,000. பத்தாம் மாதம் 1,00,000. எட்டு மாத இடைவெளியில் எண்பத்திரண்டு நூறாக வளர வேண்டுமானால் மாதம் இரண்டரை சதவீதம் வேண்டும், வட்டிக்கு வட்டி சேர்த்து. இந்த இரண்டரைதான் எல்லைக்கோடு. உங்கள் கையிலுள்ள காசு மாதம் இரண்டரைக்குக் கூடுதலாக உழைக்குமானால், அல்லது அதைவிடக் கூடின வட்டிக் கடன் ஒன்றை அடைக்க வேண்டுமானால், முந்தி எடுங்கள். இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். ஒருவர் மிச்சக் காசை வங்கியில் போடுகிறவர். அவருக்குக் காசின் விலை மாதம் ஒரு சதவீதம் என்று கொள்வோம். அவர் கட்டும் பத்துத் தவணையையும் முதல் மாதத்துப் பெறுமதிக்குக் குறைத்தால் ஏறத்தாழ 87,500. கடைசிச் சீட்டின் அன்றைய பெறுமதி 91,400. ஆகவே 3,900 இலாபம். அவரே இரண்டாம் மாதம் எடுத்தால் பெறுமதி 81,200 மட்டும், 6,300 நட்டம். மற்றவர் மாதம் நாலு வட்டிக்குக் கடன்பட்ட சின்னக் கடைக்காரர். அவருக்கு அதே தவணைகளின் பெறுமதி 77,000. இரண்டாம் மாதச் சீட்டு 78,800. கிட்டத்தட்ட 1,900 இலாபம். கடைசி மட்டும் காத்திருந்தால் சீட்டின் பெறுமதி 70,300க்கு இறங்கி, 6,700 நட்டப்படுவார். ஒரே சீட்டு ஒருவருக்கு முந்தி நல்லது, மற்றவருக்குப் பிந்தி நல்லது. இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில் இருப்பதால்தான் சீட்டு ஓடுகிறது.

ஆறாம் மாதம் எடுத்தவர் பாடுதான் பாவம். 90,000 கிடைக்கும். ஒரு சதவீதக்காரருக்கு அது 1,900 நட்டம், நாலு சதவீதக்காரருக்கு 3,000 நட்டம். இந்தச் சீட்டில் நடுவில் எடுக்கிறவர் கடன்காரருக்குரிய நன்மையையும் பெறவில்லை, சேமிப்பாளருக்குரியதையும் பெறவில்லை. மகளின் சாமத்தியச் சடங்கோ கூரை வேலையோ சரியாக அந்த மாதத்தில் வந்தால் ஒழிய, நடுவில் கழிவு கூற நிற்கக்கூடாது. மாதம் ஒன்றரை வட்டிக்கு நகையை அடைவு வைக்க முடிந்தவரும் இரண்டரைக்குச் சீட்டை எடுக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு முறையும் உண்டு: சீட்டெடுத்தவர் அடுத்த மாதம் தொட்டு முழுப் பத்தாயிரமும் கட்ட வேண்டும், கழிவு எடுக்காதவர்களுக்குள்ளேதான் பிரியும். அந்தச் சீட்டில் மேலே சொன்ன சுருக்கு வழி செல்லாது. இரண்டாம் மாதம் எடுத்தவர் 18,000 விட்டதோடு, பிறகு வரும் கழிவுகளில் தனக்கு வரவேண்டிய 6,600ஐயும் விடுகிறார். சேரும்போதே "கழிவு ஆர் ஆருக்குப் பிரியும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் எல்லைக்கோடே இடம் மாறிவிடும்.

இனிச் சென்னைக்கு வருவோம். அங்கே 1982ஆம் ஆண்டின் மத்திய சிட் பண்ட்ஸ் சட்டப்படி, பதிவு செய்த சீட்டில் கசர் எல்லாச் சந்தாதாரருக்கும் பிரிகிறது. இது நல்ல ஏற்பாடு, நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. முன்பு அதன் உச்சம் ஐந்து சதவீதம். 2019இல் சட்டத்தைத் திருத்தி ஏழாக்கினார்கள். அது தள்ளிலிருந்துதான் முதலில் கழிகிறது. மேலே சொன்ன அதே சீட்டைக் கம்பெனியில் ஐந்து சதவீதத்துக்கு நடத்தினால் என்ன ஆகும்? இரண்டாம் மாதத்து 18,000இல் 5,000 கம்பெனிக்குப் போகும், 13,000தான் பிரியும். தள்ளு ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கவே முடியாது. கடைசியாக எடுக்கிறவரின் கைக்கு இலட்சமல்ல, 95,000தான். பத்து மாதத்திலும் அவர் கட்டியது 95,300. பொறுமையாகக் காத்திருந்தவர் முந்நூறு ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு போகிறார். எல்லைக்கோடும் இரண்டரையிலிருந்து 1.9க்கு இறங்குகிறது. அதாவது அங்கே பொறுமைக்குக் கூலி குறைவு.

இதற்குச் சென்னைக்காரர் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். அங்கே சீட்டுகள் நீளம். இருபது மாதம், நாற்பது மாதம் என்று போகும். ஒவ்வொருவர் தலையிலும் கமிஷன் மொத்தத் தொகையில் ஒரு தடவைதான் விழும் என்பதால் நீண்ட சீட்டில் அதன் பாரம் பரந்துவிடும். ஆரம்ப மாதங்களில் தள்ளும் பெரிது. கேரள அரசின் கே.எஸ்.எப்.இ. நிறுவனம் 1969 முதல் நடத்தும் சிட்டிகள் பலவற்றில் தள்ளுக்கு முப்பது சதவீதம் உச்சம். பலர் அந்த உச்சத்துக்கே கேட்டால் குலுக்கிப் போட்டு ஒருவருக்குக் கொடுப்பார்கள். முதல் மாதங்களில் அப்படித் தள்ளு பெருகும்போது காத்திருப்பவருக்குக் கசர் நன்றாகவே வரும். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு குடும்பம் பத்து மாதத்துக்குள் முடிக்க விரும்பும் சின்னச் சீட்டுக்கு எங்கள் முறையே மேல்.

எங்கள் தாச்சி கமிஷன் வாங்குவதில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். முதல் சீட்டுத்தான் அவருடைய கூலி. ஒரு சதவீதக் கணக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ 12,500 ரூபாய், சின்னக் கூலியல்ல. ஆனால் இந்தியச் சட்டம் போர்மனுக்கு முதல் சீட்டையும் கொடுக்கிறது, கமிஷனையும் கொடுக்கிறது. எங்கள் தாச்சி அந்தக் கூலிக்குள்தான் வீடு வீடாகப் போய்க் காசு சேர்க்கிறார், கட்டத் தவறியவரின் பங்கைத் தன் கையால் போடுகிறார்.

அப்படிப் போட்டவர்களைக் கண்டவன் நான். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்த சீட்டுகள் நடுவழியில் நின்றன. என் அம்மா தாச்சியாக இருந்த சீட்டும் அதில் ஒன்று. சாவகச்சேரியில் பள்ளிக்கூடத்து மண்டபத்திலும் மரத்தடியிலும் இருந்த ஆட்களைத் தேடிப்போய், எடுக்காதவர்களுக்கு அவர்கள் கட்டிய காசைக் கொடுத்தார். தன் சங்கிலியை விற்றுத்தான் கொடுத்தார். பதிவாளர் யாரும் அவரைக் கேட்கவில்லை.

எல்லாத் தாச்சியும் அப்படியில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். கடைசியாக எடுப்பவர் ஒன்பது மாதம் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்து நிற்பவர். எங்கள் உதாரணத்தில் அவருடைய இலாபம் 3,900. அப்படியான சீட்டுகள் இருபத்தைந்தில் ஒன்று கடைசி மாதத்துக்கு முன் முறிந்து காசு முழுக்கப் போனாலே அந்த இலாபம் ஏறத்தாழத் தீர்ந்துவிடும். இந்திய முறையில் கம்பெனி சீட்டுத் தொகைக்குச் சமனான பிணையைப் பதிவாளரிடம் வைத்த பிறகுதான் சீட்டைத் தொடங்கலாம். எடுத்தவரும் மீதித் தவணைக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். கமிஷனின் ஒரு பங்கு இந்தப் பாதுகாப்புக்கான விலை என்று எடுத்துக்கொள்ளலாம். இலங்கையிலும் 1935ஆம் ஆண்டின் சீட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் அதைத் தேடிப்போனவர் எவரையும் நான் காணவில்லை.

இன்னொரு விடயத்தில் எங்கள் அனுபவம் சென்னைக்காரருக்கு வாய்க்கவில்லை, வாய்க்கவும் வேண்டாம். 2022 மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த இலங்கை ரூபாய் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்தின ஆண்டைவிட 69.8 சதவீதம் மேலே நின்றது. அந்த வருடத் தொடக்கத்தில் கூடிய கழிவு கூறி எடுத்து, சீமெந்தோ மோட்டாரோ வாங்கிப் போட்டவர்கள் தப்பினார்கள். பொறுத்திருந்து இலட்சம் எடுத்தவர்களுக்கு அது பாதிச் சாமானுக்கும் காணவில்லை. விலை மாதம் மூன்று நாலு சதவீதம் ஏறுகிற காலத்தில் எல்லைக்கோடு இரண்டரை என்றால் கையில் காசை வைத்திருப்பதே நட்டம். முந்தி எடுத்துப் பொருளாக்க வேண்டும். விலை அடங்கிய காலத்தில், தாச்சியை நன்கு தெரிந்தவர் கடைசி மட்டும் இருக்கலாம். ஆள் பழக்கமில்லாத ஊரில் வாழ்கிறவருக்கு, சென்னையிலோ கொச்சியிலோ, பதிவுள்ள கம்பெனியே சரி. அங்கேயும் கடைசி மாதத்துக்கு நிற்கும்முன் கமிஷனைக் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

எங்கள் தாச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். சீட்டெடுக்கிறவரிடம் காசைக் கொடுக்கும் அன்றே, மீதித் தவணைகளுக்கு ஒரு கையெழுத்தும், சீட்டில் இல்லாத ஒருவரின் பிணைக் கையெழுத்தும் வாங்கிச் சீட்டுக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள்.