அம்மாவுக்கும் ஒரு நாற்காலி

தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த மருத்துவர் ஒருவர் தம் இளையவர்களுக்காக எழுதிவைத்த ஒன்றரைப் பக்கம் என் முன்னே இருக்கிறது. உள்ளே படுத்திருப்பவரின் நிலை மோசமாகிக்கொண்டு வரும் நாளில், வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் என்ன பேசுவது, எந்த வரிசையில் பேசுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று சொல்லும் பேச்சுக் குறிப்பு அது. எத்தனை முறை படித்தாலும் ஏதாவது ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. நீங்களும் என்னோடு சற்று நின்று பாருங்களேன்.

குறிப்பு தனக்கென ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்கிறது. 62 வயதுப் பெரியவர். நிமோனியாவில் தொடங்கி, தொற்று உடம்பெங்கும் பரவி, இரத்த அழுத்தம் விழுந்து செப்டிக் ஷாக்கில் இருக்கிறார். வெண்டிலேட்டர் போட்டு இது மூன்றாம் நாள். வெளியே மனைவி, மகன், மகள், மனைவியின் தம்பி.

முதல் வரியில் மருத்துவமே இல்லை. “நாற்காலிகளை எண்ணு. அம்மாவுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறதா பார்.” நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களை அறிந்த கண்ணுக்குத்தான் இந்த வரி வாய்க்கும். டாக்டர் வெளியே வந்ததும் ஆண்கள் சூழ்ந்துகொள்வார்கள். நாற்பது ஆண்டு அந்த மனிதரோடு வாழ்ந்தவள் சுவரோரம் நின்று எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகன் டாக்டரைத் தனியே அழைத்து, “அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க” என்பான். குறிப்பு அவனை மறுத்துப் பேசுவதில்லை. அவனுக்கான பதிலை எவ்வளவு பதமாக வைத்திருக்கிறது பாருங்கள்: “அவங்க மேல உங்களுக்கு இருக்கற அக்கறை புரியுது தம்பி. எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறாங்கன்னு அவங்களையே கேட்டுப் பார்ப்போமா?” மகனின் பாசத்துக்கும் இடம் இருக்கிறது, தாயின் உரிமைக்கும் இடம் இருக்கிறது. பெரும்பாலான தாய்மார்கள் “சொல்லுங்க டாக்டர்” என்றுதான் சொல்வார்கள் என்று ஓரத்தில் பென்சிலில் ஒரு சிறு குறிப்பு.

உட்கார்ந்தபின் வருவதும் செய்தியல்ல, கேள்விதான். “இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க? நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க?” இந்தக் கேள்வியின் அழகு அதன் பணிவில் இருக்கிறது. மூன்று நாளில் அவர்கள் டியூட்டி டாக்டரிடம் ஒன்று, நர்ஸிடம் ஒன்று, போனில் பேசிய உறவுக்கார டாக்டரிடம் ஒன்று என்று கேட்டுச் சேர்த்திருப்பார்கள். மகன், “இன்ஃபெக்‌ஷன்னு சொன்னாங்க, பிபி நார்மல் ஆயிடுச்சாம்” என்கிறான். தாய், “நேத்து கையைப் பிடிச்சப்போ இமை லேசா அசைஞ்சுது” என்கிறாள். ஒருவர் எண்ணைப் பற்றிக்கொண்டிருக்கிறார், ஒருவர் இமையை. எங்கிருந்து பேசத் தொடங்க வேண்டும் என்பது இப்போதுதான் மருத்துவருக்குத் தெரிகிறது.

பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இறக்கும் நிலையில் இருந்தவர்களின் குடும்பங்களில் ஒரு பகுதியினரிடம் வழக்கம்போல் பேசினார்கள். மற்றவர்களை முறையாக உட்காரவைத்து, அவர்கள் பேசுவதைக் கேட்கும்படி அமைத்த சந்திப்பை நடத்தி, ஒரு சிறு கையேட்டையும் கொடுத்தார்கள். வழக்கமான சந்திப்பு சுமார் 20 நிமிடம், அதில் குடும்பம் பேசியது 5 நிமிடம். புதிய முறையில் 30 நிமிடம், அதில் குடும்பம் பேசியது 14. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டாம் கூட்டத்தாரிடம் மனச்சோர்வும் அதிர்ச்சியின் தழும்புகளும் குறைவாக இருந்தன. நம் குறிப்பின் தொடக்கக் கேள்வி அந்த நிமிடங்களைத்தான் குடும்பத்தின் கையில் கொடுக்கிறது.

பிறகுதான் செய்தி. அதற்கு முன் அரை வரி எச்சரிக்கை: “இன்னைக்கு நான் சொல்லப்போறது கஷ்டமான விஷயம்.” உடனே, ஒரே மூச்சில், “நேத்தைவிட இன்னைக்கு அவர் உடம்பு ரொம்ப மோசமாயிருக்கு. அவர் பிழைக்காம போயிடலாம்னு நான் பயப்படறேன்.” அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு சொல் சேர்த்தால் எடை குறையும், ஒரு சொல் எடுத்தால் பொருள் மங்கும். இளைய மருத்துவர்கள் இந்த இடத்தில் கிரியாட்டினின், லாக்டேட் என்று ஏழெட்டு எண்களைச் சொல்லிச் செய்தியை அவற்றுக்கு அடியில் புதைத்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அழுகையைப் பார்க்கும் அச்சம். அதனால்தான் செய்தியின் கீழே கட்டம் கட்டி எழுதியிருக்கிறது: “இனி நீ பேசாதே. அவர்கள் முதலில் பேசட்டும்.” எத்தனை விநாடி என்று குறிக்கவில்லை. அந்த மௌனத்தின் நீளத்தைக் குடும்பத்துக்கே விட்டிருப்பதை நான் வியந்து வியந்து பார்க்கிறேன்.

மௌனத்தை முதலில் உடைப்பது பெரும்பாலும் மகன்தான். “பிபி நல்லாத்தானே காட்டுது டாக்டர்?”

குறிப்பின் மிக நுட்பமான இடம் இது. கண்ணாடிக்கு அப்பால் மானிட்டரில் பிபி 110/70. இரத்தத்தில் ஆக்சிஜன் 94. நேற்றும் அதே எண்கள்தான். அவன் கண் பொய் சொல்லவில்லை. நேற்று நார்அட்ரினலின் என்ற ஒரே மருந்து, சிறு அளவில் அந்த அழுத்தத்தைத் தாங்கியது. இன்று அதே மருந்து நான்கு மடங்கு ஓடுகிறது. வாசோபிரசின் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்திருக்கிறது. வெண்டிலேட்டர் தரும் காற்றில் ஆக்சிஜன் நேற்று 50 சதவீதம், இன்று 90. இத்தனையையும் குறிப்பு எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிடுகிறது: “நீங்க பார்க்கற நம்பர் மாறலை, உண்மைதான். அந்த நம்பரை அங்கேயே நிறுத்திவைக்க நேத்து தந்ததைப்போல நாலு மடங்கு மருந்து தேவைப்படுது. மேட்டுல நிக்கற வண்டியை உருளாம கையால பிடிச்சுக்கிட்டிருக்கற மாதிரி. வண்டி அதே இடத்துலதான் நிக்குது, பிடிக்கறவங்களுக்குத்தான் பலம் போதலை. மெஷின்ல ஆக்சிஜன் நூறைத் தாண்டி ஏத்த முடியாது. நாம இப்ப தொண்ணூறுல இருக்கோம்.”

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை மறுபடி படித்துப் பாருங்கள். இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதைக் கேட்பவரே கணக்குப் போட்டுக்கொள்கிறார். “பிபி மெயின்டெய்ன் ஆகுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அதுவும் பொய்யில்லை. அன்றிரவு எல்லாம் முடிந்துவிட்டால், “காலையில நல்லா இருக்கார்னுதானே சொன்னீங்க” என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

அடுத்து மகளின் குரல். “எப்படியாவது காப்பாத்திடுங்க டாக்டர்.” அதற்கான பதில்: “அவர் எழுந்து உங்களோட வீட்டுக்குப் போகணும்னுதான் எனக்கும் ஆசை. இன்னைக்கு அவர் உடம்பு அந்தப் பக்கம் போகலியேன்னு எனக்கு வருத்தமா இருக்கு.” டிமதி குயில் முதலான அமெரிக்க மருத்துவர்கள் 2001-இல் எழுதிய ஒரு கட்டுரை, இப்படி ஆசையாகச் சொல்லும் வாக்கியத்தின் பயனை விளக்கியது. குடும்பத்தின் பக்கத்தில் நின்று விரும்பும்போதே, அது நடக்காமல் போகலாம் என்பதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நம் மருத்துவர் இரு வாக்கியங்களையும் ஒட்டாமல், நடுவே முற்றுப்புள்ளி வைத்து, ‘இங்கே மூச்சு விடு’ என்று எழுதியிருக்கிறார். அந்த இடைவெளியில் மகளின் ஆசை ஒரு கணமாவது மறுக்கப்படாமல் இருக்கிறது.

பெரியவரின் சிறுநீர் கடந்த ஆறு மணி நேரத்தில் 40 மில்லிதான். அவர் எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். டயாலிசிஸ் பற்றிப் பேசியாக வேண்டும். “டயாலிசிஸ் வேணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க” என்று கேட்பதைக் குறிப்பு அடியோடு தவிர்க்கிறது. அப்படிக் கேட்டால் பின்னால் அந்த மகன் ஆயுசுக்கும் அதைச் சுமப்பான். முதலில் பெரியவரைப் பற்றி விசாரிக்கிறது: “அவர் எப்படிப்பட்டவர்? இப்படி ஒரு நிலைமை வந்தா என்ன பண்ணணும்னு எப்பவாவது பேசியிருக்காரா?” எழுதிவைத்திருக்கிறாரா என்றும் கேட்கச் சொல்கிறது. அப்படி முன்கூட்டியே எழுதும் உயிலை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. எழுதியவர்கள் குறைவு, பேசியவர்கள் நிறைய. மைத்துனர் மெதுவாகச் சொல்கிறார்: “எங்க பெரியப்பா மாசக்கணக்கா படுக்கையில கிடந்தப்போ, எனக்கு இந்த நிலை வேண்டாம்டான்னு மாமா சொல்வார்.” இதுவரை கேஸ் ஷீட்டில் இல்லாத ஒரு மனிதர் அந்த அறைக்குள் வந்துவிடுகிறார்.

அதைக் கேட்டபிறகே மருத்துவர் தம் யோசனையைச் சொல்கிறார். “மெதுவா ஓடற டயாலிசிஸ் இன்னைக்கே ஆரம்பிச்சு 48 மணி நேரம் பார்க்கலாம்னு நான் சொல்றேன். பிபி மருந்து குறையுதா, ஆக்சிஜன் தேவை குறையுதா, இந்த ரெண்டை மட்டும் பார்ப்போம். குறைஞ்சா தொடருவோம். குறையலேன்னா, மெஷின் மேல மெஷின் சேர்க்கறது அவர் வேண்டாம்னு சொன்ன நிலைக்குத்தான் கொண்டுபோகும். அப்ப என்ன செய்யறதுன்னு மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.” முயற்சிக்கு ஒரு காலம், அதை அளக்க இரண்டே அடையாளங்கள். நம்பிக்கையை முறிக்காமல் அதற்கு ஒரு கரை கட்டியிருக்கும் இந்த நயம் எனக்கு மிகவும் பிடித்தது. கூடவே ஒரு சிறிய வரி: “செலவு பத்தியும் தயங்காம கேளுங்க.” அந்தக் கவலை எல்லோர் மடியிலும் கனக்கும்; அப்பாவை வைத்துக்கொண்டு காசு பேசுவதா என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்கலாம் என்ற அனுமதியை மருத்துவரே தந்துவிடுகிறார்.

முடிக்கும் இடத்தில், “புரிஞ்சுதா?” என்று குறிப்பு கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். “ஊர்லேர்ந்து அக்கா போன் பண்ணினா என்ன சொல்வீங்க?” என்று கேட்கிறது. மகள் அழுகையினூடே, “அப்பாவுக்கு ரொம்ப முடியலை, பிழைக்கறது கஷ்டம்னு சொல்றாங்க, ரெண்டு நாள் டயாலிசிஸ் பண்ணிப் பார்க்கறாங்க” என்கிறாள். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இதைவிடக் கனிவான சோதனை எனக்குத் தெரியவில்லை. “அக்காவை இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லுங்க” என்பது மருத்துவரின் பதில். மாலை ஆறு மணிக்குத் தாமே வருவதாகவும், அதற்குள் மாற்றம் வந்தால் போன் செய்வதாகவும் சொல்லிவிட்டு, தாயை முதலில் உள்ளே அனுப்புகிறார்.

பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது, அதைக் குடும்பம் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. “இப்போது சொன்னதை, சொன்ன சொற்களிலேயே கேஸ் ஷீட்டில் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திடு. நைட் டியூட்டிக்கு வருபவரும் நர்ஸும் இதைப் படித்த பிறகே அவர்களிடம் பேச வேண்டும்.”