முழு எண்ணின் பிடிவாதம்

ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் ஒரு சராசரி நிஜமாகவே வந்திருக்க முடியுமா என்று பார்க்க மூலத் தரவு தேவையில்லை; பென்சிலும் பொறுமையும் போதும். மறைமலை நகர் ஆலையொன்றில் 28 தொழிலாளர்களிடம் முதுகுவலியை 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னதாகவும், சராசரி 3.45 என்று அச்சானதாகவும் வைத்துக்கொள்வோம். 28 முழு எண்களின் கூட்டல் முழு எண்ணாகத்தான் இருக்கும். 28-ஐ 3.45-ஆல் பெருக்கினால் 96.6. கூட்டுத்தொகை 96 என்றால் சராசரி 3.43, 97 என்றால் 3.46. நடுவில் 3.45 உட்கார இடமே இல்லை. சதவீதமும் அப்படித்தான்: 28 பேரில் 37.5% என்றால் பத்தரை ஆள்!

நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் 2016-இல் இதற்கு ‘க்ரிம்’ என்று பெயர் வைத்து, சோதிக்கத்தக்க 71 உளவியல் கட்டுரைகளைச் சலித்தார்கள். ஏறத்தாழ பாதியில் பொருந்தாத சராசரி ஒன்றாவது இருந்தது. கணக்கைவிட அழகானது, அதன் பிறகு வரும் நிதானம். ஆறு பேர் பதிலளிக்காமல் விட்டிருந்தால்? 76-ஐ 22-ஆல் வகுக்க 3.45 வந்துவிடுகிறது. மூன்று கேள்விகளின் சராசரி என்றால் வகுக்கும் எண் 84. 290-ஐ வகுத்தாலும் அதே 3.45. ஆகவே பொருந்தாத எண்ணைக் கண்டதும் மோசடி என்று கூவாமல், தேர்ந்த கை முதலில் அடிக்குறிப்பைத் தேடுகிறது. ஒற்றைக் கேள்விக்கு நூறு பேரைத் தாண்டினால், இரண்டு தசம இடங்களில் எந்தச் சராசரியும் பொருந்திவிடும். அங்கே இந்தச் சோதனைக்கு வேலை இல்லை.