ஓடாமல் ஆடும் கல்லா மண்ணா

அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஆட ஏற்ற ஆட்டம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: கல்லா மண்ணா! கோலா சுங்கை பாரு பக்கத்துத் தோட்டங்களில் லயத்து அஞ்சடி கல், வாசல் செம்மண் மண். பிடிப்பவர் கல்லைக் கேட்டால் கல் முழுக்க அவருடையது. மற்றவர்கள் அதில் கால் வைத்து வம்புக்கு இழுக்க வேண்டும், தொடுவதற்குள் மண்ணுக்குத் தப்ப வேண்டும். ஐஸ் பாய்க்கு ஒளிய இடம் வேண்டும், ஓடிப்பிடிச்சுக்குத் தெரு வேண்டும். இதற்கோ ஓர் எல்லைக்கோடு போதும். அந்தக் கோட்டைத் தாண்டிச் சீண்டுவதில்தான் மொத்த இன்பமும்!

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டபோது எங்கள் கூடத்திற்குள் வந்த ஆட்டம் இது. இன்றுவரை போகவில்லை. டீப்பாயை அறைக்குள் தள்ளி, மேசை விசிறியின் வயரைச் சுருட்டி, குளியலறைக் கதவைச் சாத்திவிடுவோம். ஈரக்கால் பளிங்குத் தரைக்கு ஆகாது. பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பால் இரண்டடிச் சதுரங்கள் நான்கு. அவைதான் கல். கண்ணாடி அலமாரிக்கு மூன்றடி தள்ளியே ஒட்ட வேண்டும். கால்மிதியைக் கல்லாக வைக்காதீர்கள், காலோடு வழுக்கிக்கொண்டு போகும். காலுறையும் கூடாது, வெறுங்கால்தான். டேப்பை அன்றே உரித்துவிட்டால் பசை தங்காது.

ஆட்டத்தின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. யாரும் ஓடக்கூடாது, பிடிப்பவரும்தான். முன்கால் குதிகால் பின்கால் விரலைத் தொட, அடிமேல் அடி வைத்துத்தான் நடக்கலாம். இடைவெளி விழுந்தால் அவுட். தொடுவதும் விரித்த உள்ளங்கையால், தோளுக்குக் கீழே கையில் மட்டும். தள்ளுவதோ சட்டையைப் பிடித்து இழுப்பதோ கிடையாது.

போன வாரம் என் மூத்தவள் கல் கேட்டாள். தம்பி ஜன்னலோரச் சதுரத்தில் ஒரு பெருவிரலை மட்டும் வைத்து, "உன் கல்லுல நிக்கிறேனே!" என்றான். இரண்டடி தூரம்தான், அதைக் கடக்க அவள் பொறுமையாக அடியெடுத்து வைத்த அழகும், கடைசி நொடியில் அவன் விரலை இழுத்துக்கொண்ட சாமர்த்தியமும்! சின்னவன் உப்புக்குச் சப்பாணி, அவனை யார் தொட்டாலும் அவுட் இல்லை.

கூடம் சிறிது என்றால் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். உற்சாகம் ஏற ஏற அடிகள் நீளும். தரையில் 'தொம்' என்று குதிகால் சத்தம் கேட்டால் அதுதான் அடையாளம். உடனே "உறை!" என்று சொல்லி எல்லாரையும் நின்ற இடத்திலேயே பத்து எண்ண வையுங்கள். நடை தானாகத் திருந்தும், கீழ்வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

ஒரு சுருள் காகித டேப்புக்குச் சில ரிங்கிட்தான். இன்று மாலையே வாங்கி ஒட்டுங்கள், முதல் ஆட்டத்தில் நீங்களே பிடிப்பவராக இறங்குங்கள்!