அழித்த கருவி தெரிகிறது, அழிந்த பொருள் தெரிகிறதா?

2024 மே மாதம் மெட்டா நிறுவனம் இன்ஸ்டாகிராமில் 'ஏஐயால் செய்யப்பட்டது' என்ற முத்திரையைப் பரவலாக இடத் தொடங்கியதும், உண்மையான புகைப்படங்களிலும் அது ஒட்டிக்கொண்டது. போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் கொண்டு ஒரு சிறு புள்ளியை அழித்தாலே போதும், முழுப் படத்துக்கும் அந்த முத்திரை விழுந்தது. அதே புள்ளியைப் பழைய ஸ்பாட் ஹீலிங் கருவியால் அழித்தவருக்கு எதுவும் விழவில்லை. புகைப்படக் கலைஞர்கள் கொதித்ததும் ஜூலையில் முத்திரையின் சொல் 'ஏஐ தகவல்' என்று மாறியது. கோளாறு சொல்லில் மட்டும் இல்லை. கருவியின் பெயரைக் கொண்டு திருத்தத்தின் தன்மையைத் தீர்மானித்ததே தவறு. ஜெனரேட்டிவ் ஃபில்லால் தூசியைத் துடைத்தவர் சந்தேகத்துக்கு ஆளாகிறார். குளோன் ஸ்டாம்பால் கூட்டத்திலிருந்து ஒரு மனிதரையே மறைத்தவரோ முத்திரையின்றித் தப்பிவிடலாம்.

அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் முதலியவை 2021இல் தொடங்கிய சி2பிஏ தரநிலை இதைவிட ஆழமானது. படத்தோடு இணையும் மறைகுறியீட்டுக் கையொப்பமிட்ட ஏட்டில், என்னென்ன திருத்தங்கள் நடந்தன என்ற பட்டியல் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் பொருள் அகற்றம் பெரும்பாலும் c2pa.edited என்ற பொதுப் பெயரிலேயே பதிவாகிறது. அகற்றப்பட்டது குப்பைத்தொட்டியா, சாட்சியா என்று அந்தப் பெயர் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது ஏட்டின் இன்னொரு பகுதி: திருத்தத்துக்கு முந்தைய மூலப் படத்தைப் பற்றிய பதிவும், அதனோடு வைக்கப்படும் அதன் சிறுபடமும். அந்தச் சிறுபடத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்தால் எது போனது என்பது கண்ணுக்கே தெரியும். இந்த முறையின் மெய்யான வலிமை இங்கேதான் இருக்கிறது.

மூலத்தைக் காட்டினால் அந்தரங்கம் என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னணியில் நின்ற குழந்தையைக் காப்பதற்காக அழித்திருந்தால், சிறுபடம் அந்தக் குழந்தையை மறுபடியும் வெளிக்காட்டிவிடும். இதற்குத் தரநிலையிலேயே வழி உண்டு. மூலத்தின் சிறுபடத்தை மறைக்கலாம், மறைத்த செய்தி பதிவில் நிற்கும். திருத்தப் பட்டியலை மட்டும் அப்படி மறைக்க முடியாது. பதிவையே உரித்தெறிந்துவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த மறுப்பு. அதுவும் உண்மைதான். ஒரு திரைப்பிடிப்பு போதும், ஏடு காணாமல் போய்விடும். ஆகவே சான்று இல்லாத படத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. அதேபோல, சரிபார்க்கப்பட்ட கையொப்பமும் ஏடு மாற்றப்படவில்லை என்பதற்கே உறுதி தரும், படத்தின் நேர்மைக்கு அல்ல.

எனவே இந்தச் சான்றைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், கேள்வி கேட்கும் உரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தி நிறுவனங்கள் 'திருத்தப்பட்டது' என்ற சொல்லோடு நிறுத்தாமல் மூலத்தின் சிறுபடத்தையும் வாசகருக்குத் திறந்து காட்ட வேண்டும். மறைக்க வேண்டிய இடத்தில் காரணத்தை எழுத வேண்டும். மூலம் காட்டப்படாத முத்திரை, பொருள் அகற்றத்தைப் பொறுத்தவரை அரைச் சான்றுதான்.