புல எண் பட்டியலும் ஒற்றை மேற்கோள்குறியும்

வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்து கீரப்பாளையம் வட்டாரத்துச் சம்பா வயல்களில் தண்ணீர் தேங்கினால், அடுத்த சில நாட்களில் பட்டியல்கள் கிளம்பும். எந்த ஊரில் எந்தப் புல எண், எந்த உட்பிரிவு, பட்டா யார் பெயரில் என்று கேள்விகள் வரும். வயலைப் பார்த்து வந்தவர் கையில் இருப்பது எக்செல் கோப்பில் ஒரு நெடுவரிசை: 12/3, 45/1B, 112/2A1 எனக் கீழே இறங்கும் எண்கள். பட்டா விவரமோ வேறொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க, கணினி முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் நாடுகிறார். நெடுவரிசையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒற்றை மேற்கோள்குறிக்குள் வைத்து, நடுவே காற்புள்ளி இட்டு, ஒரே நீளச் சரமாக்கி, குவெரியின் IN அடைப்புக்குறிக்குள் ஒட்டிவிடுகிறார்.

தரவுத்தளத்தோடு பழகும் எல்லா ஊர்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. அலுவலகம் மாறினாலும் மென்பொருள் மாறினாலும் இது மட்டும் மாறாமல் நீடிப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அதன் குறைகளோ வெளியே எளிதில் தெரிவதில்லை.

முதலில் நிறை. 180 புல எண்களுக்கு விவரம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி செய்வதென்றால் தரவுத்தளத்தில் ஒரு தற்காலிக அட்டவணையை உருவாக்கி, கோப்பை அதில் ஏற்றி, பிறகு இணைக்க வேண்டும். ஆனால் பட்டியலை வைத்திருப்பவருக்கு அட்டவணை உருவாக்கும் அனுமதி இருக்காது. பார்க்க மட்டுமே அனுமதி இருக்கும். அவருக்கு IN சரம் ஒரு வரப்பிரசாதம்தான். எக்செல் 2019 முதல் கிடைக்கும் TEXTJOIN இதை ஒரே வரியில் முடிக்கிறது:

```
="'"&TEXTJOIN("','",TRUE,A2:A181)&"'"
```

இந்தச் சூத்திரத்தில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மேற்கோளில் சுற்றிவிட்டுப் பிறகு இணைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நடுவே காலியாக விட்ட கட்டமும் '' என்ற வெறும் மேற்கோளாகச் சரத்துக்குள் நுழைந்துவிடும். காலியானதை விட்டுவிடு என்று சொல்லும் TRUE அங்கே பயன்படாது, ஏனென்றால் சுற்றிய பிறகு அந்தக் கட்டம் காலியே இல்லை. மேலே உள்ளதுபோல மேற்கோளையும் காற்புள்ளியையும் இணைப்புக்குறியாகவே கொடுத்தால் காலிக் கட்டங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

இனி குறைகள். இவற்றில் சத்தம் போடும் பிழைகள் ஆபத்தானவை அல்ல. சரத்தை வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ போட்டு எடுக்கும்போது நேர் மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறிவிட்டால் தரவுத்தளம் உடனே பிழை காட்டி நிற்கும். பெயர்ப் பட்டியலில் D'Souza என்று ஒன்று வந்தால் நடுவில் உள்ள குறி சரத்தை உடைக்கும், அதுவும் பெரும்பாலும் பிழையாகவே வெளிப்படும். ஆரக்கிள் தரவுத்தளத்தின் பழைய பதிப்புகளில் ஒரு பட்டியலுக்கு 1000 மதிப்புகள்தான் எல்லை. 1001-வது மதிப்பைக் கொடுத்தால் ORA-01795 என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். எக்செல்லில் ஒரு கட்டம் 32,767 எழுத்துகளுக்கு மேல் தாங்காது. மீறினால் #VALUE! வரும். இவையெல்லாம் வேலையை நிறுத்துமே தவிரத் தவறான விடையைத் தராது. வாய் திறக்காத பிழைகளைத்தான் அஞ்ச வேண்டும்.

அவற்றில் முதலாவது, புல எண்ணுக்கென்றே அமைந்தது. எக்செல்லில் 12/3 என்று அடித்தால் அது மார்ச் 12 ஆகிவிடும். தேதி வடிவம் அமெரிக்க முறையில் அமைந்த கணினியாக இருந்தால் டிசம்பர் 3. அதே நெடுவரிசையில் உள்ள 45/1B, 112/2A1 ஆகியவை எழுத்து கலந்திருப்பதால் தப்பிவிடும். எனவே பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆனால் TEXTJOIN கண்ணுக்குத் தெரியும் தேதியை எடுப்பதில்லை, உள்ளே இருக்கும் தொடரெண்ணை எடுக்கிறது. 2025-இல் அடித்த 12/3, சரத்தில் '45728' என்று வந்து நிற்கும். அப்படி ஒரு புல எண் எந்த ஊரிலும் இல்லாததால் தரவுத்தளம் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். அந்த வயலுக்குரியவர் பெயர் விடையில் வராது, பிழைச் செய்தியும் வராது.

அறிவியல் உலகமும் இதே வலையில் சிக்கியது. மனித மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு, எக்செல் தேதியாக மாற்றிவிடும் தொல்லையால் MARCH1 என்ற மரபணுவை MARCHF1 என்றும் SEPT1 என்பதை SEPTIN1 என்றும் பெயர் மாற்றியது. அதை 2020-இல் நெறிமுறையாகவும் அறிவித்தது. மரபணுவுக்குப் பெயர் மாற்றலாம், புல எண்ணுக்கு மாற்ற முடியாது. ஆகவே எண்களை அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று வடிவமைத்துக்கொள்வதுதான் வழி. அடித்த பிறகு மாற்றினால் தொடரெண்தான் மிஞ்சும். சோதிப்பதும் எளிது. சீரமைப்பு எதிலும் கைவைக்காத நெடுவரிசையில் எழுத்தாக உள்ளவை இடப்பக்கம் ஒட்டியிருக்கும், தேதியாக மாறியவை வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும்.

இரண்டாவது, சரத்தின் இயல்பிலேயே உள்ள குறை. அது ஒரே ஒரு நெடுவரிசையைத்தான் சுமக்கும். 12/3 என்ற புல எண் கீரப்பாளையத்திலும் இருக்கலாம், பக்கத்து வருவாய்க் கிராமத்திலும் இருக்கலாம். ஊர்க் குறியீடு இல்லாமல் புல எண்களை மட்டும் IN-க்குள் போட்டால், மழையே பாதிக்காத ஊரின் பட்டாதாரரும் விடையில் வந்து சேர்வார். ஒரே ஊர்ப் பட்டியல் என்றால் WHERE பகுதியில் ஊரை ஒருமுறை சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். ஐந்து ஊர்கள் கலந்த பட்டியல் என்றால் ஊருக்கொரு குவெரி எழுத வேண்டும், அல்லது இந்த முறையையே கைவிட வேண்டும்.

மூன்றாவது குறைதான் மிகப் பெரியது. கிடைத்ததை மட்டுமே IN சொல்லும், கிடைக்காததைச் சொல்லாது. 180 எண்கள் கேட்டு 171 வரிகள் வந்தால் ஒன்பது விடுபட்டன என்றாவது ஊகிக்கலாம், எவை என்று தெரியாது. கூட்டுப் பட்டாவில் ஒரு புல எண்ணுக்கு மூன்று பெயர்கள் இருந்தால் கணக்கு இன்னும் குழம்பும். ஒன்பது எண்கள் விடுபட்டும் 180 வரிகள் வரக்கூடும், பார்ப்பவர் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடுவார்.

தலைகீழான கேள்வியில் ஆபத்து இன்னும் கூடுதல். 2020-இல் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியற்றவர்கள் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டது கடலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் வெளிச்சத்துக்கு வந்தது, சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் நடந்தது. அத்தகைய சரிபார்ப்பில் எழும் கேள்வி, நிலப் பட்டியலில் இல்லாதவர் யார் என்பது. எஸ்.க்யூ.எல். மொழியில் அது NOT IN. அந்தப் பட்டியலுக்குள் ஒரே ஒரு NULL இருந்தாலும் NOT IN ஒரு வரியைக்கூடத் தராது. மதிப்பே தெரியாத ஒன்று பட்டியலில் இருப்பதால், எவரையும் நிச்சயமாக இல்லாதவர் என்று தரவுத்தளத்தால் தீர்மானிக்க முடியாது. திரையில் தெரிவதோ தகுதியற்றவர் ஒருவரும் இல்லை என்ற விடை. இந்த இடத்தில் எக்செல் சரத்துக்குச் சிறு சாதகம் உண்டு. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் காலிக் கட்டத்தின் '' என்பது NULL ஆகாது. ஆனால் ஆரக்கிள் '' என்பதையே NULL ஆகத்தான் கொள்கிறது.

தரவுத்தளத்திலிருந்து நெடுவரிசைக்குத் திரும்பி வரும் பாதையிலும் இதே கதைதான். மைஎஸ்க்யூஎல்லில் பல வரிகளை ஒரு சரமாக்க GROUP_CONCAT உண்டு. அதன் இயல்பு எல்லை 1024 பைட். ஏழெட்டு எழுத்துப் புல எண்கள் என்றால் சுமார் 120 எண்களோடு நிறைந்துவிடும். மிச்சத்தை அது வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் ஓரமாகப் பதிவுசெய்யும். அதைவிட மோசம், வெட்டு எண்ணின் நடுவில் விழுவது. 112/2A1 என்பது 112/2 என்று நின்றுபோனால், அதுவும் பார்வைக்கு முறையான புல எண்தான். எல்லையை முன்கூட்டியே உயர்த்திக்கொள்வது கட்டாயம்:

```
SET SESSION group_concat_max_len = 1000000;
```

சரத்தை எக்செல்லில் மீண்டும் பிரிக்க மைக்ரோசாஃப்ட் 365-இல் TEXTSPLIT இருக்கிறது. அது பிரித்தவற்றை எழுத்தாகவே வைத்திருக்கும். பழைய பதிப்பில் Text to Columns-தான் கதி. அதன் மூன்றாம் படியில் எல்லா நெடுவரிசைகளுக்கும் Text என்று தேர்வு செய்யாமல் விட்டால், காப்பாற்றி வந்த 12/3 கடைசி நிமிடத்தில் மீண்டும் தேதியாகிவிடும்.

சிலர் இன்னும் ஒரு படி தாண்டி, அந்தச் சரத்தையே தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் சேமித்துவிடுகிறார்கள். ஒரு பட்டாவுக்குரிய புல எண்கள் எல்லாம் காற்புள்ளியோடு ஒரே இடத்தில். பிறகு LIKE '%12/3%' என்று தேடினால் 112/3 வரும், 12/31-உம் வரும். ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு என்ற விதியை எட்கர் காட் 1970-இலேயே தன் ஆய்வுக் கட்டுரையில் வலியுறுத்தியதற்கு இத்தகைய சிக்கல்கள் போதுமான நியாயம்.

பழக்கத்தை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. எக்செல் சூத்திரத்தில் இணைப்புக்குறியை மட்டும் மாற்றினால் அதே நெடுவரிசை, IN சரத்துக்குப் பதிலாக ஒரு தற்காலிகப் பட்டியலாகிவிடும்:

```
="('"&TEXTJOIN("'),('",TRUE,A2:A181)&"')"
```

இது தருவதைப் போஸ்ட்கிரெஸ் குவெரியில் இப்படி ஒட்டலாம்:

```
WITH k(survey_no) AS
  (VALUES ('12/3'),('45/1B'),('112/2A1'))
SELECT k.survey_no, p.patta_no
FROM k LEFT JOIN patta p
  ON p.survey_no = k.survey_no
 AND p.village_code = '023';
```

அட்டவணை உருவாக்கும் அனுமதி இதற்கும் தேவையில்லை. விடையில் கேட்ட எண்கள் அத்தனையும் வரும், பொருந்தாதவற்றுக்கு நேரே பட்டா எண் காலியாக நிற்கும். '45728' அங்கே தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஊர்க் குறியீட்டையும் புல எண்ணோடு இரண்டாவது மதிப்பாகச் சேர்த்துக்கொண்டால் ஐந்து ஊர்ப் பட்டியலும் ஒரே குவெரியில் அடங்கும்.

ஆகவே, எக்செல்லில் பிறந்த IN சரம் ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கும் கேள்விக்குப் பொருத்தமானது, அதுவும் ஒரே ஊர், சில நூறு எண்கள் என்ற அளவில். நிவாரணத் தொகையோ தகுதி நீக்கமோ அந்த விடையை நம்பி நடக்கப் போகிறது என்றால் அது போதாது. அங்கே LEFT JOIN எழுதி, காலியாக வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகே பட்டியலில் கையெழுத்து விழ வேண்டும்.